குளிசை மாறவில்லை, அளவு ஏன் மாறியது? லித்தியம் எடுப்பவருக்கும் வீட்டாருக்கும் இரத்தப் பரிசோதனை பற்றிய விளக்கம்

"இரத்தத்தில் லித்தியம் குறைவாக இருக்கிறதாம், அதனால்தான் இந்த வருத்தமாம்." மனநல கிளினிக்குக்கு வெளியே வாங்கில் காத்திருக்கும் உறவினர்கள் இப்படிப் பேசிக்கொள்வது புதிதல்ல. இன்னொருவர், "சீனி வருத்தத்துக்குச் சீனி பார்ப்பதுபோல் இது பைபோலாருக்குப் பார்ப்பது" என்பார். இரண்டும் தவறு. தவறு சிறியதுதான், ஆனால் அதிலிருந்து பெரிய தவறுகள் பிறக்கின்றன. அளவு சரியாக இருக்கிறது என்று சொன்னதும் வருத்தம் மாறிவிட்டதாக நினைத்துச் சிலர் குளிசையை நிறுத்துகிறார்கள். ஆள் நன்றாக இருக்கும்போது ஊசி எதற்கு என்று சிலர் சோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள்.

இருமுனை மனநிலைக் கோளாறு, அதாவது பைபோலார் உள்ளவர்களுக்குக் கொடுக்கப்படும் மனநிலை சீராக்கிகளில் மிகப் பழையதும் இன்றுவரை மிக வலுவானதாகக் கருதப்படுவதும் லித்தியம். இரத்த அளவைத் தவறாமல் பார்க்கவேண்டிய மருந்தும் இதுவே. ஆகவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் லித்தியத்தைப் பற்றியது.

சோதனை எதை அளக்கிறது?

இந்தச் சோதனை நோயை அளப்பதில்லை. மருந்தை அளக்கிறது. லித்தியம் என்பது மண்ணிலும் பாறையிலும் கிடைக்கும் ஓர் உப்புச் சத்து. உடம்பில் இவ்வளவு இருக்கவேண்டும் என்று இயல்பான அளவு எதுவும் அதற்கு இல்லை. குளிசை எடுக்காத ஒருவரின் இரத்தத்தில் அளந்தால் ஏறக்குறைய பூச்சியம்தான் வரும். அதற்காக அவர் நோயாளியாகிவிட மாட்டார். சோதனை கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் விழுங்கிய லித்தியத்தில் எவ்வளவு இப்போது இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது?

எத்தனை குளிசை விழுங்கினோம் என்பது தெரியும்போது இதை ஏன் தனியாக அளக்கவேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சிறுநீரகத்தில் இருக்கிறது.

குளமும் துருசும்

உன்னிச்சைக் குளத்தையோ, அம்பாறைப் பக்கத்தவர்கள் சேனநாயக்க சமுத்திரத்தையோ நினைத்துக்கொள்ளுங்கள். குளத்துக்குள் தினமும் ஒரே அளவு நீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். துருசு வழியாக அதே அளவு நீர் வெளியேறினால் குளத்தின் மட்டம் மாறாது. துருசைப் பாதி மூடிவிட்டால், வரும் நீர் கூடாமலேயே மட்டம் ஏறும். வரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. துருசடியில் நிறுத்தியிருக்கும் அளவுகோலைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

குளிசை வரத்து. சிறுநீரகம் துருசு. இரத்தப் பரிசோதனை அந்த அளவுகோல்.

நாம் எடுக்கும் பல மருந்துகளை ஈரல் உடைத்துச் சிதைத்துவிடும். லித்தியத்தை ஈரலால் உடைக்க முடியாது. உள்ளே போனது போனபடியே சிறுநீரில் வெளியேறியாக வேண்டும். வேறு பெரிய வழி கிடையாது. இங்கேதான் சிக்கல். லித்தியமும், நாம் சோற்றில் போட்டுக்கொள்ளும் உப்பில் உள்ள சோடியமும் இரசாயன முறையில் நெருங்கிய உறவினர்கள். சிறுநீரகத்துக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. இரத்தத்தை வடிகட்டும்போது இரண்டையும் சேர்த்து வடிக்கிறது. பிறகு உடம்புக்குச் சோடியம் தேவை என்பதால் அதைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. லித்தியமும் கூடவே திரும்பி வருகிறது. சாதாரண நாளிலேயே வடிகட்டப்பட்ட லித்தியத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இப்படி இரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது.

உடம்பில் உப்போ நீரோ குறையும் நாளில் என்ன நடக்கும்? சிறுநீரகம் சோடியத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். லித்தியமும் அகப்பட்டுக்கொள்ளும். அதாவது, இந்தத் துருசு லித்தியத்தைப் பார்த்துத் திறப்பதுமில்லை, மூடுவதுமில்லை. உப்பையும் நீரையும் பார்த்தே இயங்குகிறது. லித்தியத்தைப் பற்றி ஒரே ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக விளங்கும்.

எத்தனை இருந்தால் சரி?

ஆய்வுகூடத் துண்டில் லித்தியத்தின் அளவு, ஒரு லீற்றருக்கு எத்தனை மில்லிமோல் என்று எழுதப்பட்டிருக்கும். மில்லிமோல் என்பது எண்ணிக்கைக்கான ஓர் அலகு, அவ்வளவே. மனநிலை சீராக இருக்கும் பெரும்பாலானோருக்கு 0.6 முதல் 0.8 வரை வைத்தியர் இலக்காக வைப்பார். மிகையெழுச்சி, அதாவது தூக்கமின்றிப் பேச்சும் செலவும் வேகமும் எல்லை மீறிப்போகும் நிலை, அப்போதுதான் தணிந்துகொண்டிருந்தால் 1.0 வரை போகலாம். வயதானவர்களுக்குக் கொஞ்சம் குறைத்தே வைப்பார்கள். 0.4க்குக் கீழே இறங்கினால் குளிசை எடுத்தும் பாதுகாப்பு இல்லாத நிலைதான்.

1.5ஐத் தாண்டினால் அது நஞ்சாகத் தொடங்குகிறது. 2.0க்கு மேல் உயிராபத்து.

மருந்தாக வேலை செய்யும் 0.8க்கும் நஞ்சாகும் 1.5க்கும் இடையே இரண்டு மடங்கு இடைவெளிகூட இல்லை. வழக்கமாக நாம் வாங்கி விழுங்கும் குளிசைகளில் பெரும்பாலானவற்றுக்கு இவ்வளவு ஒடுக்கமான வரம்பு கிடையாது. அதனால்தான் அவற்றுக்கு இரத்தம் எடுப்பதில்லை, இதற்கு எடுக்கிறார்கள்.

இந்த அறிவு இலவசமாக வந்ததல்ல. அவுஸ்திரேலிய மனநல வைத்தியர் ஜோன் கேட் 1949இல் மிகையெழுச்சிக்கு லித்தியம் உதவுவதைக் கண்டறிந்து எழுதினார். அவர் முதன்முதலில் லித்தியம் கொடுத்துக் குணம் கண்ட நோயாளி, மறு ஆண்டே லித்தியம் நஞ்சேறி இறந்துபோனார். அப்போது இரத்த அளவைப் பார்க்கும் வழக்கம் இல்லை. அதே 1949இல் அமெரிக்காவில், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய நோயாளிகள் உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைட்டைச் சாப்பாட்டில் தூவிக்கொண்டார்கள். சிலர் இறந்தார்கள். உடனே அந்தப் பொருள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. மேலே சொன்ன துருசுக் கதையை வைத்துப் பார்த்தால் காரணம் புரியும்: உப்பில்லாத உடம்பு, அதற்குள் அளவில்லாத லித்தியம். இரத்தத்தில் அதை எளிதாக அளக்கும் வழி வந்த பிறகுதான் லித்தியம் நம்பிக் கொடுக்கக்கூடிய மருந்தானது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: சோதனை நோயை அல்ல, மருந்தை அளக்கிறது. குளிசையின் எண்ணிக்கை மாறாவிட்டாலும் இரத்த அளவு மாறலாம், ஏனெனில் வெளியேறும் வழி சிறுநீரகம் ஒன்றுதான். நன்மைக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள வரம்பு ஒடுக்கமானது.

படுவான்கரையில் ஒரு ஆவணி மாதம்

ஓர் உதாரணம் பார்ப்போம். இது கற்பனை ஆள், ஆனால் இதில் நடப்பது ஒவ்வொன்றும் நடக்கக்கூடியது.

படுவான்கரையில் வயல் செய்யும் 52 வயதுக்காரர். பல ஆண்டுகளாக இரவில் மூன்று லித்தியம் குளிசை எடுக்கிறார். சித்திரையில் பார்த்தபோது அளவு 0.7. மனைவியும் மகளும் கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எந்தக் குறையும் இல்லாத குடும்பம்.

ஆனியில் அவருக்கு இரத்த அழுத்தம் கூட என்று வேறொரு கிளினிக்கில் லொசார்டன் என்ற குளிசை எழுதப்படுகிறது. உப்பைக் குறைக்கவும் சொல்கிறார்கள். மனைவி கருவாட்டை நிறுத்தி, கறியில் உப்பைப் பாதியாக்குகிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் லொசார்டன் லித்தியம் வெளியேறுவதைக் குறைக்கும், உப்பு குறைந்ததும் சிறுநீரகம் சோடியத்தை இறுக்கும். துருசு இரண்டு பக்கத்திலிருந்தும் மூடத் தொடங்குகிறது. அப்போது அளந்திருந்தால் அளவு 1.0ஐ நெருங்கியிருக்கும். யாரும் அளக்கவில்லை, ஏனென்றால் அவர் நன்றாகத்தான் இருந்தார். இரண்டு கிளினிக்குக்கும் இரண்டு கொப்பி என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ஆவணியில் சிறுபோக அறுவடை. கச்சான் காற்று அனலாக வீசுகிறது. வியர்வையில் நீரும் உப்பும் போகின்றன. முழங்கால் வலிக்குப் பார்மசியில் டைக்ளோபெனாக் வாங்கி ஐந்து நாள் போடுகிறார். டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் போன்ற வலிக் குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து லித்தியத்தைத் தேக்கும். ஐந்தாம் நாள் வயிற்றோட்டம்.

ஆறாம் நாள் காலை, தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது பாதி சிந்துகிறது. அவருக்கு முன்பும் விரல்களில் மெல்லிய நடுக்கம் உண்டு. லித்தியம் எடுப்பவர் பலருக்கும் இருக்கும், அதனால் ஆபத்தில்லை. இது வேறு நடுக்கம். கை முழுவதும் ஆடுகிறது. வயல் வரம்பில் நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிறார். நாக்குக் குழறுகிறது. பக்கத்து வயல்காரர் "காலையிலேயே போட்டுவிட்டாரா?" என்று சிரிக்கிறார். வீட்டிலும் முதலில் அப்படித்தான் சந்தேகம் வருகிறது. ஆனால் வாயில் மணம் இல்லை. மகளுக்கு அது நெருடுகிறது.

லித்தியம் எடுக்கும் ஒருவர் குடிக்காமலேயே குடித்தவர்போல் நடந்தால், பேசினால், வாந்தியோ வயிற்றோட்டமோ கூடவே இருந்தால், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், அது லித்தியம் நஞ்சேறியதாக இருக்கலாம். அடுத்த குளிசையைக் கொடுக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கிளினிக் நாள் வரை காத்திருக்கக்கூடாது. நடக்க முடியாத நிலை என்றால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். வைத்தியசாலை வாசலில் முதலில் சொல்லவேண்டிய சொல் "லித்தியம் எடுக்கிறார்" என்பது. அதைச் சொல்லாவிட்டால் வெறும் வயிற்றோட்டமாகவோ குடிவெறியாகவோ பார்க்கப்படும் வாய்ப்பு இருக்கிறது.

மகள் அப்படித்தான் செய்கிறாள். அளவு 1.9 என்று வருகிறது. சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளும் இரத்தத்தில் கூடியிருக்கிறது. லித்தியம் நிறுத்தப்படுகிறது, டைக்ளோபெனாக்கும் லொசார்டனும் நிறுத்தப்படுகின்றன, சேலைன் ஏற்றப்படுகிறது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அளவு பார்க்கப்படுகிறது. நான்காம் நாள் 0.6. இன்னும் கூடிய அளவாக இருந்திருந்தாலோ, நினைவு தடுமாறியிருந்தாலோ, சிறுநீரகம் ஒத்துழைக்காமல் போயிருந்தாலோ, இயந்திரம் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டி வந்திருக்கும்.

பிறகு அழுத்தத்துக்கு லித்தியத்துடன் அவ்வளவாக மோதாத அம்லோடிபின் கொடுக்கப்படுகிறது. லித்தியம் மீண்டும் தொடங்கி ஒரு வாரத்தில் அளவு பார்க்கப்படுகிறது. முழங்காலுக்குப் பரசிட்டமோல். அது லித்தியத்தைத் தேக்குவதில்லை.

இந்தக் கதையில் யாரும் குளிசையைக் கூடுதலாக விழுங்கவில்லை. சித்திரையிலும் மூன்று, ஆவணியிலும் மூன்று. லொசார்டன் தொடங்கி ஒரு வாரத்திலும், பின்னர் சில வாரங்கள் கழித்தும் ஒரு குழாய் இரத்தம் எடுத்திருந்தால் அறுவடைக்கு முன்பே பிடித்திருக்கலாம்.

எப்போது, எப்படி இரத்தம் கொடுப்பது?

குளிசையை விழுங்கிய சில மணி நேரத்தில் இரத்தத்தில் லித்தியம் உச்சத்துக்கு ஏறும். பிறகு மெல்ல இறங்கும். ஆகவே எந்த நேரத்தில் எடுத்தோம் என்று தெரியாத இரத்தத்தின் அளவுக்குப் பொருளே இல்லை. உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட நேரம், கடைசிக் குளிசைக்குப் பின் 12 மணி நேரம். 0.6, 0.8 என்ற எண்கள் எல்லாம் இந்த 12 மணி நேரக் கணக்கை வைத்துச் சொல்லப்பட்டவை.

காலை எட்டரை மணிக்கு இரத்தம் எடுப்பார்கள் என்றால் முந்தைய இரவு எட்டரைக்குக் குளிசை. அரை மணி முன்பின் இருந்தால் பாதகமில்லை. முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று மாலை ஆறு மணிக்கே குளிசையைப் போட்டுவிட்டுப் படுத்து, மறுநாள் வரிசையில் நின்று பத்தரைக்கு இரத்தம் கொடுத்தால் பதினாறரை மணி நேரம் ஆகிவிடும். அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பிக் குளிசையைக் கூட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மறுபக்கத்தில், காலையிலும் இரவிலும் குளிசை எடுப்பவர் வழக்கம்போல் காலைக் குளிசையைப் போட்டுவிட்டு வந்தால் அளவு பொய்யாக உயரும். அவர் காலைக் குளிசையைச் சட்டைப் பையில் கொண்டுவந்து, இரத்தம் கொடுத்த பிறகே விழுங்கவேண்டும்.

எப்படியோ நேரம் பிசகிவிட்டதென்றால் ஒளிக்கவேண்டாம். "நேற்று ஏழு மணிக்குப் போட்டேன்" என்று சொன்னால் வைத்தியர் அதற்கேற்ப எண்ணைப் பார்ப்பார். துண்டிலும் கொப்பியிலும் குளிசை போட்ட நேரத்தையும் இரத்தம் எடுத்த நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். எண்ணை மட்டும் எழுதி வைப்பதில் பாதிப் பயன்தான்.

இந்தச் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. சீனி பார்ப்பதற்குப் பட்டினியாகப் போகும் பழக்கத்தில், பலர் இதற்கும் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து நிற்கிறார்கள். வெயிலில் நீர் குடிக்காமல் நிற்பது, தவிர்க்கவேண்டிய நிலையையே நாமாக உண்டாக்குவது. அன்றைக்குச் சீனியோ கொழுப்போ சேர்த்துப் பார்க்கிறார்கள் என்றால் சாப்பாட்டை மட்டும் தள்ளிவையுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? குளிசை தொடங்கினாலோ அளவை மாற்றினாலோ, இரத்தத்தில் மட்டம் நிலைகொள்ள ஐந்து முதல் ஏழு நாள் எடுக்கும். அதற்கு முன் பார்ப்பது வீண். ஆகவே ஒரு வாரம் கழித்து முதல் சோதனை, மட்டம் நிலைக்கும் வரை வாரம் ஒருமுறை, பிறகு முதல் ஆண்டு முழுவதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதன்பின் எல்லாம் சீராக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். வயதானவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், அழுத்தத்துக்குக் குளிசை எடுப்பவர்கள் மூன்று மாத முறையிலேயே தொடர்வது நல்லது. கர்ப்பிணிகளுக்கு இன்னும் அடிக்கடி பார்ப்பார்கள், ஏனெனில் கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் வேகமாக வேலை செய்து அளவு இறங்கும், பிரசவத்துக்குப் பின் சட்டென்று ஏறும்.

ஒரு சின்னக் குறுக்குச் செய்தி. இரத்தம் உறையாமல் இருக்கச் சில குழாய்களுக்குள் லித்தியம் ஹெபரின் என்ற பொருள் பூசப்பட்டிருக்கும். பெயரிலேயே லித்தியம் இருக்கிறது. தவறுதலாக அந்தக் குழாயில் எடுத்துவிட்டால், குழாயில் இருக்கும் லித்தியமும் சேர்ந்து அளவு பயங்கரமாகக் காட்டும். ஆள் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்கிறார், துண்டிலோ ஆபத்தான எண் என்றால், பதறாமல் வேறு குழாயில் மீண்டும் எடுக்கக் கேட்கலாம்.

சுருக்கமாக: 12 மணி நேரம், காலைக் குளிசை இரத்தம் கொடுத்த பிறகு, தண்ணீர் தாராளம், நேரத்தை எழுதிவைத்தல்.

எண் சொல்லாத விடயங்கள்

அளவு 0.7 என்றால் வருத்தம் மாறிவிட்டது என்று பொருளல்ல. மருந்து வேலை செய்யக்கூடிய மட்டத்தில் இருக்கிறது என்று மட்டுமே பொருள். 0.7 இருந்தும் மனச்சோர்வு வரலாம். அப்போது வேறு மருந்து சேர்ப்பதா என்று வைத்தியர் யோசிப்பார். 0.3இல் சோர்வு வந்தால் யோசனை வேறு திசையில் போகும். எண்ணின் உண்மையான பயன் அதுதான்.

சரியான எண் எப்போதும் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. லித்தியம் வேலை செய்வது மூளையில், நாம் அளப்பது இரத்தத்தில். நெடுநாள் எடுப்பவர்களில், அதுவும் வயதானவர்களில், இரத்தத்தில் அளவு வரம்புக்குள் இருக்கும்போதே நஞ்சேறிய அறிகுறிகள் தென்படலாம். துண்டில் 0.8 என்று இருக்கிறது, அப்பாவோ தள்ளாடுகிறார் என்றால் அப்பாவைத்தான் நம்பவேண்டும், துண்டை அல்ல.

வீட்டார் சிலர் இந்தச் சோதனையைக் காவல் வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். "இரத்தத்தில் பார்த்தால் நீ குளிசை போட்டாயா என்று தெரிந்துவிடும்." அளவு குறைவதற்குக் குளிசை தவறியது ஒரு காரணமாக இருக்கலாம், உண்மைதான். நேரம் பிசகியதும் காரணமாக இருக்கலாம், உப்பு திடீரென்று கூடியதும் காரணமாக இருக்கலாம். மிரட்டினால் அவர் கிளினிக்குக்கு முந்தைய ஒரு வாரம் மட்டும் ஒழுங்காக எடுத்துவிட்டு வருவார். அந்த ஒரு வாரத்தில் மட்டம் ஏறி எண் அழகாக வந்துவிடும். மூன்று மாதம் ஏமாற்றமாகப் போகும். கை நடுங்குவதாலோ அடிக்கடி சிறுநீர் போவதாலோ குளிசை தவறுகிறது என்றால், அதை வைத்தியரிடம் அவர் கூச்சமின்றிச் சொல்லக்கூடிய நிலை வீட்டில் இருக்கவேண்டும்.

துருசையும் பார்க்கவேண்டும்

லித்தியம் அளவோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினினும், தைரொயிட் சோதனையும், கல்சியமும் பார்ப்பார்கள். நீண்ட ஆண்டுகளில் லித்தியம் சிலரின் சிறுநீரகத்தை மெல்லத் தளர்த்தக்கூடும். கிரியாட்டினின் ஏறிக்கொண்டு போனால் துருசு ஒடுங்குகிறது என்று பொருள், அதே மூன்று குளிசை இனிமேல் கூடுதலாகிவிடும்.

தைரொயிட் விடயத்தில் வீட்டார் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. லித்தியத்தால் தைரொயிட் சுரப்பு குறைந்தால் உடம்பு கனக்கும், சோம்பல் வரும், எதிலும் ஆர்வமிருக்காது. பார்த்தால் அப்படியே மனச்சோர்வுபோல் இருக்கும். ஒரு சிறு இரத்தப் பரிசோதனை இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். தைரொக்சின் குளிசையால் அதைச் சரிசெய்யலாம், பெரும்பாலும் லித்தியத்தை நிறுத்த வேண்டியதில்லை.

நோன்பு, விரதம், பாதயாத்திரை

காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று ரமழான் வரும்போதெல்லாம் எழும் கேள்வி: நோன்பு பிடிக்கலாமா? பகலில் சுமார் 13 மணி நேரம் நீரில்லாமல் இருப்பது துருசுக்குச் சோதனைதான். மனநிலையும் அளவும் சீராக இருக்கும் பலர் வைத்தியரின் திட்டப்படி நோன்பு பிடிக்கிறார்கள். ஆனால் பேச்சு ரமழானுக்கு சில வாரங்கள் முன்பே நடக்கவேண்டும். அப்போது அளவும் கிரியாட்டினினும் பார்த்து, குளிசையை இரவுக்கு ஒரே வேளையாக மாற்ற முடியுமா என்று தீர்மானிக்கலாம். நோன்பு துறந்ததிலிருந்து சஹர் வரை தண்ணீரை இடைவிட்டு இடைவிட்டுக் குடிக்கவேண்டும். ஒரே மூச்சில் அல்ல. சஹருக்கு எழுவதால் தூக்கம் கெடுவது இன்னொரு ஆபத்து, தூக்கமின்மையே மிகையெழுச்சியைக் கிளப்பிவிடக்கூடும். வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் அன்றைக்கு நோன்பைத் தொடரக்கூடாது. நோயாளிக்கு மார்க்கமே விலக்கு அளித்திருக்கிறது. அளவு அண்மையில் தடுமாறியவர்களும் சிறுநீரகம் பலவீனமானவர்களும் அந்த விலக்கைப் பயன்படுத்துவதே சரி என்பது என் கருத்து.

அம்மன் சடங்கு காலத்தில் உபவாசம் இருப்பவர்களுக்கும், உகந்தையிலிருந்து குமண, யால காட்டு வழியாகக் கதிர்காமம் நடப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். காட்டு வழியில் வெயில், வியர்வை, குடிநீர்த் தட்டுப்பாடு, கால்வலிக்கு யாரோ கொடுக்கும் வலிக் குளிசை என்று நான்கும் ஒன்றுசேர்கின்றன. போகத்தான் வேண்டுமென்றால் பையில் பரசிட்டமோலும் ஜீவனிப் பக்கற்றுகளும் இருக்கட்டும்.

வாந்தி, வயிற்றோட்டம், காய்ச்சல் வந்த நாளில் லித்தியத்தை நிறுத்திவைப்பதா என்பதை அன்றைக்குத் தேடாமல், ஆள் சுகமாக இருக்கும் கிளினிக் நாளிலேயே கேட்டுக் கொப்பியில் எழுதிவாங்குங்கள். ஒரு வேளை தவறினால் மறுவேளை இரட்டிப்பாக எடுக்கக்கூடாது. உப்பை எடுத்துவந்தபடியே எடுங்கள். கூட்டவும் வேண்டாம், வைத்தியரிடம் சொல்லாமல் திடீரென்று குறைக்கவும் வேண்டாம்.

மற்றக் குளிசைகளுக்கும் இதே சோதனையா?

இல்லை. வல்புரோயேட் எடுப்பவர்களுக்கு இரத்த அளவைக் கிரமமாகப் பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லை. குளிசை எடுபடவில்லை, அல்லது நஞ்சேறியதாகச் சந்தேகம் என்றால் பார்ப்பார்கள். அதற்கு முக்கியமாகப் பார்ப்பது ஈரலையும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும். கார்பமசெப்பின் ஒரு விசித்திரம் செய்யும். தன்னை உடைக்கும் வேலையை ஈரலுக்குத் தானே பழக்கிக்கொடுத்துவிடும். அதனால் முதல் சில வாரங்களில் அதே குளிசைக்கு அளவு இறங்கும். அதன் அளவோடு இரத்த அணுக்களும் சோடியமும் பார்க்கப்படும். லமோட்ரிஜினுக்கு வழக்கமான இரத்த அளவுச் சோதனை கிடையாது. அதில் கவனிக்கவேண்டியது தோலில் வரும் தடிப்பு. வந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

வல்புரோயேட்டைப் பற்றி ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லவேண்டும். கருவிலிருக்கும் பிள்ளைக்கு அது கடுமையான பாதிப்பை உண்டாக்கக்கூடியது. இரத்த அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த ஆபத்து நீங்காது. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கோ பெண்பிள்ளைக்கோ அது எழுதப்பட்டிருந்தால், குளிசையைத் தானாக நிறுத்தாமல், திருமணப் பேச்சு எழும்வரை காத்திருக்காமல், அடுத்த கிளினிக்கிலேயே வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று கேளுங்கள்.